லோயஸ் மண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோயஸைப் பற்றி ஒரு பக்கம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால், பின்னாலேயே கேள்விகள் வரும். வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பல பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நிற்கின்றன.

லோயஸ்னா என்ன? சும்மா தூசிதானே?

தூசிதான். ஆனால் கிட்டத்தட்ட ஒரே அளவில் சலித்தெடுத்த தூசி. துகள்களில் பெரும்பகுதி 0.01 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். மணலைவிடப் பொடி, களிமண்ணைவிடப் பருமன். இந்தத் துகளைக் காற்று தூக்கிக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓர் இடத்தில் அடுக்கினால் கிடைக்கும் படிவுக்குத்தான் லோயஸ் என்று பெயர். தமிழில் காற்றடி வண்டல் என்றும் சொல்வார்கள். பெயர் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. தளர்வான மண் என்ற பொருளில் அங்குள்ளவர்கள் சொன்ன சொல்லை 19ஆம் நூற்றாண்டில் புவியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். வெளிர் மஞ்சளாக ஒரு கட்டி. விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்கும், உறுத்தாது. ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்து மெல்லக் கடித்தால்தான் லேசாக நறநறக்கும். களிமண்ணில் அந்த நறநறப்பு இருக்காது. கட்டியின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் பல இடங்களின் லோயஸ் நுரைக்கும், அதில் சுண்ணாம்பு இருப்பதால். இந்த நுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஓர் இடத்தில் தேவைப்படும்.

காத்து இவ்வளவு மண்ணையா கொண்டுவந்து கொட்டும்? நம்பவே முடியலையே!

சந்தேகம் நியாயமானது. 19ஆம் நூற்றாண்டில் புவியியலாளர்களே இதை நம்பவில்லை. ஏரியில் படிந்தது, வெள்ளத்தில் வந்தது என்றெல்லாம் வாதாடினார்கள். சீனாவில் பயணம் செய்த ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்ட்ஹோஃபன், 1870களில், இது காற்றின் வேலைதான் என்று எழுதினார். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே போர்வையாக மூடியிருக்கிறது, நீரில் படிந்தது போன்ற அடுக்கு வரிகள் இல்லை, உள்ளே கிடைக்கும் நத்தை ஓடுகள் நிலத்தில் வாழும் நத்தைகளுடையவை. நீரில் படிந்த மண் இப்படி இருக்காது.

அமெரிக்காவின் மிசூரி ஆற்றை எடுத்துக்கொள்வோம். பனியுகத்தில் வடக்கே கண்டப் பனிப்படலம் நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்தது. கோடையில் பனி உருகிய வெள்ளம் அந்தப் பாறை மாவை ஆற்றுப்படுகை முழுக்கப் பரப்பியது. குளிர்காலத்தில் உருகல் நின்று, படுகை காய்ந்து வெறுமையாகக் கிடந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று அதை வாரிக் கிழக்குக் கரையில் போட்டது. மறு கோடையில் படுகையில் புதுச் சரக்கு. அயோவா மாநிலத்தில் ஆற்றை ஒட்டிய லோயஸ் குன்றுகளில் இந்தப் படிவு சில இடங்களில் 60 மீட்டர் வரை இருக்கிறது. கிழக்கே போகப் போக மெலிந்துகொண்டே போய்ச் சில மீட்டராகிவிடும். துகள் எங்கிருந்து புறப்பட்டது என்பதற்கு இந்த மெலிவே சாட்சி.

ஏன் அந்த அளவுத் துகள் மட்டும் வருது? மணலும் களிமண்ணும் எங்க போச்சு?

மணல் கனம். காற்று அதைத் தரையோடு தத்தித் தத்தி ஓட்டும், அவ்வளவுதான். அது பக்கத்திலேயே மணல்மேடாகிவிடும். களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் எளிதில் கிளம்பாது. கிளம்பிவிட்டால் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, கண்டம் தாண்டியும் போய்விடும். நடுவிலுள்ள துகள் எளிதாக எழும், சில பத்து அல்லது சில நூறு கிலோமீட்டர் பறக்கும், காற்று தளர்ந்ததும் விழும். விழுந்த இடத்தில் புல் இருந்தால் அதன் தாள்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும், மறுபடி கிளம்பாது. அதனால்தான் லோயஸ் பெரும்பாலும் பழைய புல்வெளிகளில் கிடக்கிறது.

ஆத்து வண்டலும் இதுவும் ஒன்னுதானா?

சொல் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. வண்டல் என்பது துகளின் அளவுக்கும் பெயர், ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணுக்கும் பெயர். ஆற்று வண்டலில் மணலும் களியும் கூழாங்கல்லும் கலந்து, சில அடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். லோயஸில் தோண்டத் தோண்ட ஒரே மாவு. கல் கிடைக்காது.

ஆனால் இரண்டுக்கும் நடுவே உறவு உண்டு. மேலே சொன்னபடி ஆற்றுப்படுகையிலிருந்துதான் மிசூரி லோயஸ் எழுந்தது. சீனாவில் அந்தக் கதை திரும்பவும் ஒருமுறை நடக்கிறது, கீழே வருகிறது.

சீனாவில் அப்படிப்பட்ட பனிப்படலமே இல்லையே, அங்க மட்டும் எப்படி?

உண்மைதான், அங்கே கண்டத்தை மூடிய பனிப்படலம் இல்லை. திபெத் விளிம்பிலும் மத்திய ஆசியாவிலும் உள்ள உயர்ந்த மலைகளில் பனியும் உறைவும் பாறையை உடைக்கின்றன. ஆறுகள் அந்தப் பொடியை வறண்ட தாழ்நிலங்களில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அங்கிருந்து குளிர்காலப் பருவக்காற்று தென்கிழக்கே வாரிக்கொண்டு வருகிறது. சுமார் 26 லட்சம் ஆண்டுகளாக இது நடப்பதால் லோயஸ் பீடபூமியில் படிவு நூறு மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். சில இடங்களில் 300 மீட்டரை நெருங்கும்.

இந்த மண்ல அப்படி என்ன சத்து இருக்கு?

புதிதாக அரைத்த பாறை என்பதுதான் முதல் விஷயம். வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் மண் லட்சக்கணக்கான ஆண்டுகள் கழுவப்பட்டு, சுண்ணாம்பும் பொட்டாசியமும் போய், இரும்பும் அலுமினியமும்தான் மிஞ்சும். லோயஸ் வயதில் இளையது. ஃபெல்ஸ்பார், மைக்கா போன்ற கனிமங்கள் அப்படியே இருக்கின்றன. துகள் சிறியது என்பதால் அவை மெதுவாகக் கரைந்து பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் வேருக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் நைட்ரஜன் பாறையிலிருந்து வருவதில்லை. அதைச் சேர்த்தது மேலே வளர்ந்த புல். புல்லின் உடம்பில் பெரும்பகுதி தரைக்குள் வேராக இருக்கும். வருடா வருடம் வேர் மடிந்து மக்கி, சுண்ணாம்போடு சேர்ந்து, ஒரு மீட்டர் ஆழம்வரை கறுத்துப்போன மண்தான் உக்ரைனிலும் தெற்கு ரஷ்யாவிலும் உள்ள செர்னோசெம். அதன் பெரும்பகுதிக்கு அடியில் லோயஸ்தான் இருக்கிறது. ரஷ்ய அறிவியலாளர் வசிலி தொகுச்சாயெவ் 1883இல் அதைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்துதான் மண்ணியல் தனித் துறையாக எழுந்தது என்பார்கள். ஆகவே 'லோயஸ் கறுப்பாக இருக்கும்' என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி. மேலே உள்ள மண் கறுப்பு, கீழே உள்ள லோயஸ் மஞ்சள்.

சத்துதான் காரணம்னா எந்த மண்ணுலயும் உரம் போட்டு இப்படி ஆக்கிடலாமே?

சத்தை ஆக்கலாம். தண்ணீரை ஆக்க முடியாது. என்னைக் கேட்டால் லோயஸ் பற்றிய முக்கியமான விஷயம் இதுதான், பாடப்புத்தகங்கள் சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

மழை பெய்து ஓய்ந்த பிறகு மண்ணில் தங்கி, வேரால் உறிஞ்ச முடிகிற தண்ணீர்தான் பயிருக்குக் கணக்கு. மணலில் இடைவெளிகள் பெரியவை, தண்ணீர் வடிந்துவிடும். ஒரு மீட்டர் ஆழ மணலில் பயிருக்குக் கிடைப்பது சுமார் 70 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அதே ஒரு மீட்டர் லோயஸில் சுமார் 200 மில்லிமீட்டர். இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் அளவுக்குச் சிறியவை, வேரிடம் கொடுத்துவிடும் அளவுக்குப் பெரியவை.

அத்துடன் ஆழம். கல் இல்லை, பாறை வெகு கீழே. கோதுமை வேர் ஒன்றரை மீட்டர் தடையில்லாமல் இறங்கும். இறங்கும் வழியெல்லாம் தண்ணீர்.

களிமண் இன்னும் அதிகமா தண்ணி பிடிக்குமே?

பிடிக்கும், ஆனால் விடாது. இடைவெளிகள் அவ்வளவு நுண்ணியவை. வேர் எவ்வளவு இழுத்தாலும் ஏறத்தாழ பாதித் தண்ணீர் களிமண்ணிடமே தங்கிவிடும். ஈரமாகத் தெரியும் களிமண்ணில் பயிர் வாடி நிற்பது இதனால்தான்.

அந்தத் தண்ணிக் கணக்கை ஒரு உதாரணத்தோட சொல்லுங்களேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பலூஸ் என்ற பகுதி. அலை அலையாக உருண்ட லோயஸ் குன்றுகள். இங்குள்ள விட்மன் மாவட்டம் அந்நாட்டில் மிக அதிகமாகக் கோதுமை விளைவிக்கும் மாவட்டங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், கோதுமை மணி பிடிக்கும் கோடையில் அங்கே மழையே அநேகமாக இல்லை. பாசனமும் இல்லாமல்தான் பெரும்பாலும் விளைகிறது.

கையால் ஒரு கணக்குப் போடுவோம். மாவட்டத்தின் கிழக்கே ஆண்டு மழை சுமார் 530 மில்லிமீட்டர், பெரும்பகுதி குளிர்காலத்தில். ஓடியதும் ஆவியானதும் போக 250 மில்லிமீட்டர் மண்ணுக்குள் இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டர் லோயஸின் கொள்ளளவு 300. ஆகவே முழுவதும் உள்ளே அடங்கிவிடும். வசந்தத்தில் இன்னொரு 120 மில்லிமீட்டர் மழை. மொத்தம் 370. அந்தப் பகுதியில் பழகிவரும் ஒரு கணக்கு உண்டு: முதல் 100 மில்லிமீட்டர் செடியை வளர்க்கவே போய்விடும், தானியம் தராது. அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஹெக்டேருக்குச் சுமார் 16 கிலோ கோதுமை. ஆக 270 மில்லிமீட்டருக்கு 4,300 கிலோ.

இப்போது அதே மழை, அதே விதை, அதே உரம், ஆனால் மணல். ஒன்றரை மீட்டர் மணலில் தங்குவது 105 மில்லிமீட்டர்தான், மீதி வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். வசந்த மழையோடு 225. நூறு கழித்தால் 125, அதாவது 2,000 கிலோ. பாதிக்கும் குறைவு. நிஜ வயலில் பனி, களை, நோய் எல்லாம் உண்டு, எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரிகிறது. வானம் கொடுக்கும் மாதத்துக்கும் பயிர் கேட்கும் மாதத்துக்கும் நடுவே லோயஸ் ஓர் ஏரியாக நிற்கிறது.

ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரு மண்ணுக்கு நூத்துக்கு நூறு மார்க் போட்டிருக்காங்களாமே?

ஆமாம். 1934இல் ஜெர்மனி தன் விளைநிலங்களை எல்லாம் மதிப்பிடச் சட்டம் போட்டது. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே? மாக்டெபர்க் அருகே ஐக்கென்டார்ஃப் என்ற ஊரின் ஒரு வயலை 100 என்று வைத்துக்கொண்டார்கள். லோயஸ் மேல் உருவான கறுப்பு மண் அது. மற்ற வயல்களுக்கெல்லாம் அதை ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். நில வரிக்கும் இதுதான் அடிப்படை.

அளவுகோல் புதிது, தேர்வு பழையது. சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன் மத்திய ஐரோப்பாவுக்கு வந்த முதல் உழவர்கள் குடியேறிய இடங்களை வரைபடத்தில் வைத்தால், அவை வியக்கத்தக்க அளவுக்கு லோயஸ் பரப்போடு பொருந்துகின்றன. இரும்பு இல்லாத காலம். கல்லும் மரமும் வைத்துக் கிளற முடிகிற, கல் இடறாத மண் அதுதான்.

லோயஸ் இவ்வளவு நல்லதுன்னா சீனாவோட லோயஸ் பீடபூமி ஏன் நெடுங்காலம் ஏழைப் பகுதியா இருந்தது?

நல்ல கேள்வி, இங்கேதான் லோயஸின் மறுபக்கம் வருகிறது. எளிதில் காற்றில் எழும் துகள் எளிதில் நீரிலும் கரைந்து ஓடும். மணல் போலக் கனமும் இல்லை, களி போல ஒட்டும் இல்லை. பீடபூமியில் மழை குறைவு, அதுவும் கோடையில் சில பெரிய அடைமழைகளாகக் கொட்டும். சரிவுகளில் புல்லை எடுத்துவிட்டு உழுததும் மண் கரைந்து ஓடியது. ஓடைகள் பிளந்து பள்ளத்தாக்காயின. மேலே சொன்ன ஏரி நிரம்பவே இல்லை, தண்ணீர் உள்ளே இறங்குவதற்கு முன் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கடந்த நூற்றாண்டின் நடுவில் மஞ்சள் ஆறு ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் மண் சுமந்தது. படிக்கட்டு வயல்கள், ஓடைகளின் குறுக்கே சிறு அணைகள், 1999இல் தொடங்கிய சரிவு நிலங்களை மீண்டும் புல்லுக்கும் மரத்துக்கும் விடும் திட்டம், எல்லாம் சேர்ந்து இன்று அது பல மடங்கு குறைந்துவிட்டது.

பீடபூமி இழந்த மண் எங்கே போனது? ஆறு அதைக் கொண்டுபோய்ச் சமவெளியில் கொட்டியது. கோடிக்கணக்கானோர் வாழும் வட சீனச் சமவெளியின் பெரும்பகுதி இப்படி இரண்டாம் முறை இடம்பெயர்ந்த லோயஸ்தான். முதலில் காற்று, அப்புறம் ஆறு. அதனால் 'லோயஸ் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது' என்று கணக்கிடும்போது பீடபூமியை மட்டும் பார்த்தால் பெரும்பங்கு விடுபட்டுவிடும்.

லோயஸ் செங்குத்தா சுவர் மாதிரி நிக்கும்னு சொல்றாங்க, தண்ணி பட்டா சரியும்னும் சொல்றாங்க. எது உண்மை?

இரண்டும். காற்றில் வந்து மெல்ல உட்கார்ந்த துகள்கள் நெருக்கமாக அமுங்குவதில்லை. சீட்டுக்கட்டு வீடு மாதிரி, தொடும் இடங்களில் கொஞ்சம் சுண்ணாம்பும் களியும் பசைபோல் ஒட்டி நிற்கும். காய்ந்திருக்கும்வரை அந்தப் பசை பலமானது, பல மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். பீடபூமியில் மக்கள் குடைந்து வாழும் வீடுகள் அதில்தான். ஊறினால் பசை இளகும், வெளியிலிருந்து கூடுதல் பாரம் எதுவும் இல்லாமலே மண் தன் எடையில் உட்கார்ந்துவிடும்.

சீனாவின் கான்சு மாகாணத்திலுள்ள ஹெய்ஃபாங்தாய் என்ற மேட்டுநிலம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அணை கட்டியதால் இடம்பெயர்ந்தவர்களை அங்கே குடியமர்த்தி, 1960களின் இறுதியிலிருந்து மஞ்சள் ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றிப் பாசனம் செய்தார்கள். வயல் விளைந்தது. ஆனால் பயிர் குடித்தது போக மிச்சத் தண்ணீர் ஆண்டாண்டாகக் கீழே தேங்கி, அடி மண் ஊறி, மேட்டின் விளிம்புகள் திரும்பத் திரும்பச் சரிகின்றன. மேல்பரப்பும் தாழ்ந்துகொண்டு வருகிறது. வறண்ட பகுதி லோயஸுக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது முதலில் பார்க்க வேண்டியது விளைச்சல் கணக்கு இல்லை, மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்பது.

மேல்மண் அடிச்சிட்டுப் போனாலும் கீழ அத்தனை மீட்டர் லோயஸ் இருக்கே, கவலை எதுக்கு?

பலூஸ் உழவர்களும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பலூஸ் லோயஸ் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தூசி குறைவாக விழுந்த காலங்களில் உருவான பழைய மண் அடுக்குகள் இடையிடையே புதைந்திருக்கின்றன. அவற்றில் சில கெட்டியான களி அடுக்குகள். குன்றின் உச்சியில் மேல்மண் போனதும் அந்தக் களி தலைகாட்டும். வேர் அதைத் துளைக்கத் திணறும், மழை அதன் மேல் வழிந்தோடும். நைட்ரஜன் குறைவை உரம் ஈடுகட்டிவிடும், ஏரியின் ஆழம் குறைந்ததை எந்த உரமும் ஈடுகட்டாது.

நிலம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. உழுத வயலைத் தூரத்திலிருந்து பாருங்கள். பள்ளம் கறுப்பாகவும் உச்சி மட்டும் வெளிறியும் இருந்தால் மேல்மண் இறங்கிவிட்டது. சுண்ணாம்பு உள்ள லோயஸ் நாடுகளில் அந்த வினிகர்ச் சொட்டும் உதவும். நல்ல மேல்மண்ணில் மழை சுண்ணாம்பைக் கீழே இறக்கியிருக்கும். பரப்பிலேயே நுரைத்தால், நீங்கள் மிதிப்பது அடிமண்.

காத்து இன்னும் தூசி கொண்டுவருதே, திரும்ப நிரம்பிடாதா?

அலாஸ்காவின் பனியாற்று ஆறுகளின் கரையில் இன்றும் புது லோயஸ் படிகிறது, நேரில் பார்க்கலாம். ஆனால் பெரிய கோதுமைச் சமவெளிகளில் சரக்கு அனுப்பிய பனிப்படலங்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பின்வாங்கிவிட்டன. இப்போது வந்து விழுவது மிகச் சொற்பம்.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் என்றால் 10 கன மீட்டர், எடை சுமார் 13 டன். சரிவில் உழுது வெறுமையாக விட்ட வயலில், உறைந்த தரைமேல் ஒரு குளிர்கால மழை பெய்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரே நாளில் போய்விடலாம். அதனால்தான் பலூஸில் இப்போது பலர் உழாமலே, பழைய தாளை வயலில் விட்டு அதற்கு நடுவே விதைக்கிறார்கள். தூசியைப் பிடித்து நிறுத்தியதும் ஒரு காலத்தில் புல்லின் தாள்தானே.